பக்கத்தில் யாரும் செய்யாத வேலைக்கு முதல் விலை வைப்பது எப்படி

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒருவர் புதிதாக டெய்லர் கடை போட்டால் விலைக்காக ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. அதே தெருவில் நாலு கடையில் ஜாக்கெட் தைக்க என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, பத்து ரூபாய் கூட்டியோ குறைத்தோ போர்டில் எழுதிவிடலாம். அந்த ஏரியாவில் யாருமே செய்யாத ஒரு வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்கும்போது வாய்க்கு வந்த ஒரு சின்னத் தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தத் தொகையில் வீடு நடத்த முடியாது என்று தெரிகிறது. அதற்குள் அந்தத் தொகைதான் அந்த வேலையின் விலை என்று தெருவெல்லாம் பரவியிருக்கும்.

போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் நீங்கள் முதலில் சொல்லும் எண் உங்களுடைய விலையாக மட்டும் நிற்காது. அந்த வேலைக்கே அதுதான் விலை என்று ஆகிவிடும். ஒப்பிட வேறு எதுவும் இல்லாததால், பின்னால் நீங்கள் என்ன கேட்டாலும் ஜனங்கள் அந்த முதல் எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு வாரம் செலவழித்துக் கணக்குப் போடுவது நல்லது. எப்படிப் போடுவது என்பதை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம்.

வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குத் துணையாகக் கூட்டிப் போய் வரும் வேலை அது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரி, வைத்தியம் இலவசம். ஆனால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று போகும் எழுபது வயது அம்மாவால் ஓ.பி. சீட்டு வாங்கி, எந்த ரூம் என்று கேட்டு, ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வரிசையிலும் நின்று தனியாக வீடு திரும்ப முடியாது. பிள்ளைகளுக்கு வேலை. இந்த இடத்தில் ஒரு பெண் அந்தத் துணையாகப் போகிறேன், அதற்கு ஒரு தொகை வாங்குகிறேன் என்று தொடங்குகிறார். கொருக்குப்பேட்டையில் இருக்கிறார், இப்போது ஒரு பேக்கிங் கம்பெனியில் மாதம் 12,000 சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் வேலைக்கு உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முழு நாளை நடந்து பாருங்கள்

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த வேலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். சொந்த அத்தையையோ பக்கத்து வீட்டுப் பாட்டியையோ காசு வாங்காமல் ஒருமுறை கூட்டிப் போய், ஒவ்வொரு கட்டத்திலும் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பியது, அவர்கள் வீட்டுக்குப் போனது, ஆஸ்பத்திரி வாசல், சீட்டு கையில் வந்தது, டாக்டரைப் பார்த்தது, மருந்து வாங்கியது, அவர்களை வீட்டில் விட்டது, கடைசியாக நாம் நம் வீடு சேர்ந்தது.

மனக்கணக்கில் மூணு மணி நேர வேலை என்று தோன்றும். நடந்து பார்த்தால் அப்படி இருக்காது. சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்து, சாப்பிட்ட பிறகு 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், வரிசையே இல்லாவிட்டாலும் அந்த 2 மணி நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. காலை ஆறரைக்குக் கிளம்பி மதியம் ஒன்றரைக்குத் திரும்பினால் 7 மணி நேரம். இதில் இன்னொரு முக்கியமான விஷயமும் தெரிய வரும். ஓ.பி. காலையில்தான் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு பயணத்துக்கு மேல் போகவே முடியாது. வேலை வேகம் கூடினாலும் எண்ணிக்கை கூடாது. விலை வைக்கும்போது இந்த ஒரு வரம்புதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறது.

உங்கள் வேலை வேறாக இருக்கலாம். ஆனால் அதிலும் இப்படி ஒரு வரம்பு எங்கேயாவது இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் போடும் கணக்கு எல்லாம் தப்பாகத்தான் வரும்.

கீழ் எல்லை: இதற்குக் கீழே போனால் வீடு நடக்காது

இப்போது செலவு. அவருடைய சொந்தப் போக்குவரத்து, டீ, டிபன் எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு 110 ரூபாய் ஆகிறது. போன் ரீசார்ஜ், நோட்டீஸ், ஃபைல், பேனா என்று பயணம் போனாலும் போகாவிட்டாலும் மாதம் 1,200. அப்புறம், கம்பெனி வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்பதால் அந்த 12,000 கைக்கு வந்தே ஆக வேண்டும். ஆக மாதம் 13,200 ரூபாயை பயணங்கள்தான் சம்பாதித்துத் தர வேண்டும், ஒவ்வொரு பயணத்தின் 110 ரூபாய் செலவும் போக.

புதிதாகத் தொடங்குகிற பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அடுத்த அடியில்தான். மாதத்தில் ஞாயிறு, விடுமுறை போக 24 நாள் வேலை இருக்கிறது, அதனால் 13,200-ஐ 24-ஆல் வகுத்தால் 550, செலவு 110 சேர்த்தால் 660, சரி 700 ரூபாய் வாங்கலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் தொடங்கிய உடனே 24 நாளும் யார் கூப்பிடப்போகிறார்கள்? கூப்பிட்டவர்களிலும் சிலர் காலையில் போன் பண்ணி "அம்மாவுக்கு இன்னைக்கு உடம்பு முடியல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் நின்றால் இரண்டு மூன்று நாள் யாரும் வெளியே வரமாட்டார்கள். பொங்கல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று யார் சொல்வார்கள்?

அதனால் நன்றாகப் போகும் மாதத்தை வைத்து வகுக்கக் கூடாது. சுமாரான மாதத்தை வைத்து வகுக்க வேண்டும். இங்கே 14 பயணம் என்று எடுத்துக்கொள்வோம். 13,200-ஐ 14-ஆல் வகுத்தால் 943. அதோடு 110 சேர்த்தால் 1,053. இதுதான் அவருடைய கீழ் எல்லை. 660-க்கும் இதற்கும் நானூறு ரூபாய் வித்தியாசம், இத்தனைக்கும் செலவில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஒரு விலையை வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை பயணம் வேண்டும் என்று பார்ப்பது. பயணத்துக்கு 600 வாங்கினால் செலவு போக 490 நிற்கும். 13,200 சேர 27 பயணம் வேண்டும். மாதத்தில் இருப்பதே 24 நாள். அதாவது, ஒரு நாள்கூட விடாமல் ஓடினாலும் 600 ரூபாயில் இந்தத் தொழில் நடக்காது. 900 வாங்கினால் 17 பயணம் வேண்டும். 1,200 வாங்கினால் 13 போதும். பேப்பரில் இந்த மூன்று வரியையும் எழுதி வைத்துவிட்டால், யாராவது "அறுநூறு ரூபா குடுத்தா வருவியா?" என்று கேட்கும்போது பதில் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை.

மேல் எல்லை: அவர்கள் இப்போது எதைக் கொடுக்கிறார்கள்

கீழ் எல்லை உங்கள் பிரச்சினை. வாடிக்கையாளருக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்சம், அவர் இப்போது இந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார் என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் போட்டிக் கடை இல்லை என்பது உண்மைதான். அதற்காக இந்த வேலை இதுவரை நடக்காமல் இருக்கவில்லை. யாரோ ஒருவர் லீவு போட்டோ, கூலியை விட்டோ, சொந்தக்காரரிடம் கெஞ்சியோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதுதான் உங்கள் போட்டி, அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அதைத் தெரிந்துகொள்ள எட்டுப் பத்துக் குடும்பங்களிடம் பேச வேண்டும். இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். இதுவரை வாங்கியே இராத ஒன்றுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது. மரியாதைக்கு ஏதாவது ஒரு எண் சொல்வார்கள், அல்லது "நீயே பாத்து சொல்லும்மா" என்று தள்ளிவிடுவார்கள். 1976-இல் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் என்ற டச்சுப் பொருளாதார அறிஞர் நாலு கேள்வியால் விலையைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையைச் சொன்னார். எந்த விலையில் தரத்தின் மேல் சந்தேகம் வரும், எந்த விலை மலிவு, எந்த விலை கொஞ்சம் அதிகம், எந்த விலைக்கு வாங்கவே மாட்டீர்கள் என்று கேட்பது. மக்கள் ஏற்கெனவே விலை தெரிந்து வாங்குகிற பொருளுக்கு அது உதவும். நம்மைப் போல முதல் ஆளாக நிற்பவர்களுக்கு அதில் வரும் பதில்களை நம்பி இறங்க முடியாது.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியாக அம்மாவை எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள்? யார் போனது? அன்றைக்கு அவர் எந்த வேலையை விட்டார்? அதில் எவ்வளவு போச்சு? போக வர ஆட்டோ எவ்வளவு? போன முறைக்கும் அதற்கு முந்தைய முறைக்கும் எத்தனை மாதம் இடைவெளி? இதற்கெல்லாம் பதில் உண்மையாக வரும், ஏனென்றால் அவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை, ஞாபகப்படுத்திச் சொன்னால் போதும்.

அப்படிக் கேட்டால் குடும்பங்கள் தானாகவே மூன்று வகையாகப் பிரியும். முதல் வகையில் மகன் பெயின்டராகவோ லோடு ஏற்றுபவராகவோ இருப்பார். ஒரு நாள் போனால் 900 கூலி போகும். அந்த 900-தான் அவருடைய மேல் எல்லை. 900-ஐக் காப்பாற்ற 1,050 கொடுக்கச் சொல்வது நியாயமில்லை, அவரும் கொடுக்க மாட்டார்.

இரண்டாவது வகையில் மகள் ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்வார். 45,000 சம்பளம் என்றால், சம்பளம் பிடிக்கும் லீவு ஒரு நாளுக்கு 1,500. ஆனால் இதை அப்படியே மேல் எல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் லீவு மிச்சம் இருக்கிறவரை, லீவு போடுவது அவருக்குச் செலவாகவே தெரியாது. லீவு தீர்ந்த பிறகுதான் 1,500 உறைக்கும். அதனால் இவர்களிடம் "இந்த வருஷம் எத்தனை நாள் லீவு மிச்சம் இருக்கு?" என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தாய் தகப்பன் இருக்கிறவர்களுக்குப் பாதி வருஷத்திலேயே தீர்ந்துவிடும். அவர்கள்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள்.

மூன்றாவது வகை, பிள்ளைகள் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற வீடு. இவர்களுக்குக் கூலிக் கணக்கே பொருந்தாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு முந்நூறு நானூறு கொடுத்து அனுப்புகிறார்கள், அவன் வராத மாதம் ஆஸ்பத்திரியும் இல்லை. அங்கே போட்டி அந்தப் பையன் அல்ல, போகாமலே விட்டுவிடுவதுதான். அது காசு கேட்காத போட்டி என்பதால் ஜெயிப்பது கஷ்டம். டாக்டர் மறுபடி வரச் சொன்ன தேதி சீட்டிலேயே இருக்கும். போன தடவை அந்தத் தேதிக்குப் போனார்களா என்று பார்த்தால் அந்த வீட்டின் நிலைமை புரிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அரசாங்கம் இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதற்கு நாம் காசு வாங்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கிடைக்கிறது. ஒரு பாட்டிக்கு மாத்திரை மட்டும்தான் தேவை என்றால், அந்தத் திட்டத்தில் சேரச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பயணத்தை விற்றால் இன்றைக்குக் கொஞ்சம் காசு வரும். விஷயம் தெரிந்த பிறகு அந்தத் தெருவில் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

எதற்கு விலை என்பதை முடிவு செய்யுங்கள்

தொகைக்கு முன் அளவு. மணிக்கு இவ்வளவு என்று வைப்பதா, ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று வைப்பதா?

மணிக்கணக்கு நமக்குப் பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் ஓ.பி. வரிசை நம் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. மணிக்கணக்கில் வாங்கினால் வீட்டில் இருப்பவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டுமென்றே இழுக்கிறாளோ என்ற சந்தேகம் வரும். மாதச் சம்பளத்தில் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்பே தெரிவதுதான் முக்கியம். அதனால் பயணத்துக்கு ஒரே தொகை. வரிசை நீண்டால் அந்தக் கஷ்டம் நம்முடையது, சீக்கிரம் முடிந்தால் அந்த லாபமும் நம்முடையது.

ஆனால் எல்லையில்லாமல் விடக் கூடாது. அவர்கள் வீட்டு வாசலில் கிளம்பி மறுபடி வீட்டு வாசலில் விடுவது வரை 6 மணி நேரம் இந்தத் தொகைக்குள் வரும், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 150 என்று சொல்லிவிட வேண்டும். ஆட்டோ, வெளியே வாங்கும் மருந்து, ஸ்கேன் எல்லாம் ரசீதோடு அவர்கள் செலவு. அந்தக் காசை முன்பே தனியாக வாங்கி, தனிக் கவரில் வைத்து, திரும்பி வந்ததும் ரசீதையும் மிச்சத்தையும் கையில் கொடுத்துவிட வேண்டும். அதைச் சம்பளக் காசோடு கலக்கவே கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் காசு வாங்கிக்கொண்டு வரிசையைத் தாண்டி விடுகிறேன் என்று சொல்கிற ஆட்களை ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். உங்களையும் அப்படி நினைத்துவிடாமல் இருக்க, "நானும் எல்லாரையும் மாதிரி வரிசையிலதான் நிப்பேன், யாருக்கும் காசு குடுக்க மாட்டேன்" என்பதை விலை சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். தூக்கி வைக்க வேண்டிய நிலையில் இருக்கும் நோயாளியை இந்த விலைக்குள் சேர்க்காதீர்கள். அதற்குப் பழக்கப்பட்ட வேறு ஆள் வேண்டும்.

எண்ணை முடிவு செய்வது

கீழே 1,053, மேலே இரண்டாவது வகைக் குடும்பத்துக்கு 1,500. நடுவில் எங்கே நிற்பது? 1,450 என்று வைத்தால் அந்த மகளுக்கு ஒரு லாபமும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருடன் அம்மாவை அனுப்புகிற பயம் வேறு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஈடாக அவர் கையில் ஒரு தொகை மிஞ்ச வேண்டும். 1,100 என்று வைத்தால், ஒரு மாதம் 12 பயணம்தான் வந்தது என்றால் உங்களுக்குக் கை கடிக்கும். 1,200 என்று வைத்தால் அவருக்கு 300 மிச்சம், ஒரு லீவும் மிச்சம். உங்களுக்கு 14 பயணத்தில் எல்லாச் செலவும் போக 14,060 நிற்கும். பழைய சம்பளத்தைவிட இரண்டாயிரம் அதிகம், அது மழை மாதத்துக்கு எடுத்து வைக்க வேண்டிய காசு.

900 கூலிக்காரர் வீட்டை என்ன செய்வது? அவர்களுக்காக 1,200-ஐ 800 ஆக்கினால் எல்லோருக்கும் 800 ஆகிவிடும். வடசென்னையில் விலை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக ஒரு நாள்கூட ஆகாது. விலையைக் குறைக்க வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள். ஒரே தெருவில், ஒரே கிழமையில், ஒரே பிரிவுக்குப் போக வேண்டிய இரண்டு பாட்டிகள் இருந்தால், இருவரையும் சேர்த்து ஆளுக்கு 700 என்று கூட்டிப் போகலாம். அந்த மகனுக்கு 900-க்குப் பதில் 700. உங்களுக்கு 1,200-க்குப் பதில் 1,400. ஆட்டோவும் பாதிப் பாதி. ஆனால் இருவரும் தானாக நடக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஒருவரை நாற்காலியில் தள்ளிக்கொண்டு இன்னொருவரையும் கவனிக்க முடியாது, அப்படி ஒப்புக்கொண்டால் ஒருவர் எங்கேயாவது தனியாக நிற்பார். மூன்று பேர் என்பது கூடவே கூடாது.

ஆள் வராமல் ரிப்போர்ட் மட்டும் வாங்கி வருவதற்கு 350 என்று இன்னொரு சின்ன விலையும் வைத்துக்கொள்ளலாம். மூன்று விலைக்கு மேல் போகாதீர்கள். புதிய வேலையை விளக்குவதே கஷ்டம், நீளமான பட்டியலைப் பார்த்தால் ஆள் குழம்பிவிடுவார்.

முதல் ஐந்து வீட்டுக்குச் சலுகை கொடுக்கும் முறை

ஆரம்பத்தில் குறைத்துக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதில் தப்பில்லை. எப்படிக் குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம். "இப்போதைக்கு 900 குடுங்க" என்று வாங்கினால் 900-தான் விலை. பில் புத்தகத்தில் 1,200 என்று எழுதி, அதற்குக் கீழே ஆரம்பச் சலுகை 300 என்று எழுதி, கட்ட வேண்டியது 900 என்று கொடுத்தால், அவர் பக்கத்து வீட்டில் சொல்லும்போது "ஆயிரத்து இருநூறாம், நமக்கு முந்நூறு குறைச்சாங்க" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பில் புத்தகமே. சலுகை முதல் ஐந்து குடும்பத்துக்கு, ஒரு பயணத்துக்கு மட்டும் என்பதையும் பில்லிலேயே எழுதிவிடுங்கள். மொத்தம் 1,500 ரூபாய் போகும், நோட்டீஸ் அடித்த செலவு மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

இலவசமாக மட்டும் செய்யாதீர்கள். இலவசமாக வந்தவர் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். அதிலிருந்து விலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விலையைச் சொல்வதும் பதிலைப் படிப்பதும்

வேலை என்னென்ன என்று முழுசாகச் சொல்லி முடித்த பிறகு விலையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். இந்த இடத்தில்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. எதிரில் இருப்பவர் இரண்டு நொடி யோசித்தாலே, "இல்லக்கா, நீங்க வேணா ஆயிரம் குடுங்க" என்று தானாகவே இறங்கிவிடுகிறார்கள். யோசிக்கிறவர் மறுக்கவில்லை, கணக்குப் பார்க்கிறார். அவர் கணக்கை அவரே போட்டு முடிக்கட்டும்.

"என்னம்மா, கூட வர்றதுக்கு ஆயிரத்து இருநூறா?" என்று கேட்டால், கோபித்துக்கொள்ளாமல் அந்த நாளை விளக்குங்கள். "ஆமாக்கா. காலைல ஏழு மணிக்கு வீட்ல இருந்து கூட்டிட்டு போய், டாக்டர் சொல்றத எழுதி, மருந்து வாங்கி, மத்தியானம் வீட்ல கொண்டு வந்து விடுவேன். நடுவுல உங்களுக்கு மூணு தடவ போன் பண்ணுவேன். நீங்க லீவு போட வேண்டியதில்ல." அவ்வளவுதான்.

பத்துப் பேரிடம் இதே விலையைச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுங்கள். "நல்ல விஷயம்மா, கண்டிப்பா கூப்பிடறோம்" என்பதைச் சம்மதம் என்று எழுத வேண்டாம். ஒரு தேதியைச் சொல்லி 200 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தால் மட்டும் சம்மதம். பத்துப் பேரும் யோசிக்காமல் கொடுத்தால் விலை குறைவு. ஒரு நாளைக்கு ஒருவரைத்தான் கூட்டிப் போக முடியும் என்கிறபோது பத்துக்கு மூன்று நான்கு பேர் சம்மதித்தாலே இந்தத் தொழிலுக்குப் போதும். ஒருவருமே கொடுக்கவில்லை என்றால் உடனே விலையைக் குறைக்கத் தோன்றும், அதற்கு முன் மறுப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

"அவ்வளவு முடியாதுங்க" என்பது விலை மறுப்பு. "தெரியாதவங்க கூட எப்படி அனுப்புறது" என்பது நம்பிக்கை மறுப்பு. பலர் இரண்டாவதை மனசில் வைத்துக்கொண்டு முதலாவதைச் சொல்வார்கள், முகத்துக்கு நேரே நம்பவில்லை என்று சொல்ல யாருக்கும் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. "காசு விஷயத்தை விடுங்கக்கா, நாளைக்கு நான் வந்து நின்னா அம்மாவ என் கூட அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். அப்போதும் இழுத்தால் பிரச்சினை விலையில் இல்லை. அங்கே விலையைக் குறைத்தால் சந்தேகம்தான் கூடும். ஆதார் நகலைக் கொடுங்கள், வீட்டு விலாசத்தைக் காட்டுங்கள், உங்களோடு போய் வந்த ஒரு பாட்டியிடம் பேச வையுங்கள், வேண்டுமானால் முதல் பயணத்துக்கு வீட்டில் ஒருவரும் கூட வரட்டும். பெரியவர்களை அனுப்புகிற விஷயத்தில் விலையைவிட இதுதான் பெரிய தடை.

இரண்டு மாதம் கழித்து

ஒவ்வொரு பயணத்துக்கும் நோட்டில் நாலு விஷயம் இருந்தால் போதும்: கிளம்பிய மணி, திரும்பிய மணி, வாங்கிய தொகை, கைச்செலவு. இரண்டு மாதம் முடிந்ததும் சராசரி எடுத்துப் பாருங்கள். வீட்டு வாசலில் கிளம்பி வீட்டு வாசலில் விடுவது பாதிப் பயணங்களில் 6 மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால் விலை தப்பில்லை, அளவு தப்பு; சில பிரிவுகளுக்கு மட்டும் வேறு தொகை வைக்க வேண்டியிருக்கும். மாதம் 18-க்கு மேல் பயணம் வந்து, நாள் இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் விலையை ஏற்றலாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஏற்றுங்கள். பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். நாள் நிறையவில்லை, ஆனால் கை மட்டும் கடிக்கிறது என்றால், விலையை ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து போகும் பயணங்களைக் கூட்டப் பாருங்கள்.

சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரே ஆளாகச் செய்கிறவரை அந்தத் தொல்லை இல்லை, விலையில் அதைச் சேர்க்கவும் வேண்டாம்.

நன்றாகப் போனால் ஒரு வருஷத்துக்குள் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் தொடங்குவார், பெரும்பாலும் 700 அல்லது 800-க்கு. அன்றைக்கே உங்கள் விலையைக் குறைக்க ஓடாதீர்கள். அவர் மாதம் எத்தனை பயணம் போக வேண்டியிருக்கும் என்று நீங்கள் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். 700-க்குச் செலவு போக 590, அவருக்கும் 13,200 தேவை என்றால் 23 பயணம் வேண்டும். வேறு வருமானம் இல்லாதவர் என்றால், மழை வரும் மாதத்தில் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது. வீட்டில் வேறு வருமானம் இருந்து, பகுதி நேரமாகச் செய்கிறவர் என்றால் அவரால் அந்த விலையில் நிற்க முடியும். அப்படியானால் அவரோடு விலையில் மோத வேண்டாம். உங்களுக்கு நாள் இல்லாதபோது வரும் அழைப்புகளை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு முடியாத நாளில் வருவதை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள்.